சிறிய பெட், பெரிய குதிரை: மாடலைத் துண்டாக்கி முளை வைத்துப் பொருத்தும் முறை

பெங்களூரு அடுக்குமாடி வீடுகளில் இப்போது 3டி பிரின்டர் என்றால் பெரும்பாலும் மேசை ஓரத்தில் அடங்கும் சின்ன இயந்திரம்தான். பாம்பு லேப் ஏ1 மினி மாதிரியான ஒன்றில் நீளம், அகலம், உயரம் மூன்றுமே 180 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். அதற்குமேல் பெரிதாக எதைப் பிரின்ட் செய்வதானாலும் மாடலை வெட்டி, துண்டுதுண்டாக எடுத்து, பிறகு ஒட்ட வேண்டும். மாடலை லேயர் லேயராகப் பிரித்து பிரின்டருக்குக் கொடுக்கும் மென்பொருளான ஸ்லைசரில் வெட்டுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அது சுலபம். வெட்டிய துண்டுகள் ஒட்டியபின் ஒரே பொருளாகத் தெரிய வேண்டும் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்க்கலாம். அல்சூரில் எங்கள் மாடி வீட்டு அக்காவுக்குக் கொலுவின் பக்கத்தில் தரையில் நிற்க ஓர் ஐயனார் குதிரை வேண்டும். ஊர் எல்லையில் நிற்கும் சுடுமண் குதிரையின் சாயலில் இருக்கும் மாடல் அது: கால்கள் உருண்டு தடித்தவை, கழுத்தில் மணிமாலை, முதுகில் சேணத்துணி. உயரம் 380 மி.மீ., மூக்கிலிருந்து வால் வரை 300, அகலம் 120. பிரின்ட் எழும் தட்டான பெட் 180.

வெட்டுவதற்கு முன்

முதல் வேலை, மாடலை இறுதி அளவுக்குப் பெரிதாக்குவது. இந்த வரிசை மாறவே கூடாது. வெட்டி, துளை போட்டு முடித்தபின் "இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நன்றாயிருக்குமே" என்று 130 சதவீதத்துக்கு இழுத்தால் துண்டுகளைப் பூட்டும் துளையும் முளையும் அவற்றுக்கு இடையிலான தளர்வும் சேர்ந்து பெரிதாகிவிடும், எல்லாம் ஆட்டம் காணும். சின்னதாக்கினால் முளை உள்ளேயே போகாது. இணையத்தில் ஏற்கனவே துண்டாக்கிக் கிடைக்கும் மாடல்களை அளவு மாற்றிப் பிரின்ட் செய்பவர்களுக்கு வரும் தலைவலியில் பெரும்பகுதி இதுதான்.

இரண்டாவது, மாடலின் மேற்பரப்பில் ஓட்டை இருக்கக் கூடாது. ஸ்லைசர் `non-manifold edges` என்று எச்சரித்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் வெட்டிய முகம் மூடாமல் வரும், அல்லது ஏதாவது ஒரு மூலையில் தாள் போல மெல்லிய சுவர் நிற்கும்.

எங்கே வெட்டுவது

கணக்குப்படி பார்த்தால் 380 உயரத்துக்கு மூன்று அடுக்கு, 300 நீளத்துக்கு இரண்டு பத்தி, ஆக ஆறு துண்டு போதும். ஆனால் அப்படிக் கட்டம் போட்டு வெட்டினால் ஒரு கோடு குதிரையின் கன்னத்தின் நடுவே போகும், இன்னொன்று வழுவழுப்பான நெஞ்சின் குறுக்கே போகும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கோடு கண்ணில் படும். துண்டு ஒன்று கூடினாலும் பரவாயில்லை, உருவத்திலேயே ஏற்கனவே ஒரு கோடு இருக்கும் இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். மாலையின் ஓரம், துணியின் மடிப்பு, இடுப்புப் பட்டை, வண்ணம் மாறும் இடம் எல்லாம் நல்ல இடங்கள்.

நம் குதிரையில் அப்படி மூன்று இடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, தரையிலிருந்து 130 மி.மீ. உயரத்தில் கால்கள் வயிற்றோடு சேரும் இடம். வயிற்றின் நிழல் விழுவதால் அங்கே கோடு தெரியாது. இரண்டாவது, சேணத்துணியின் முன் ஓரம். உடல் இங்கே குறுக்கே இரண்டாகும், முன்பகுதி சுமார் 100 நீளம், பின்பகுதி சுமார் 140. மூன்றாவது, மணிமாலையின் கீழ் விளிம்பு. அதற்கு மேலே கழுத்தும் தலையும் சேர்ந்து சுமார் 160 உயரத்துக்கு ஒரே துண்டாக வரும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெட்டிய முகம் தட்டையானது, அதையே பெட்டில் உட்கார வைக்கலாம். உடலின் இரண்டு பாதிகளும் வெட்டு முகத்தின் மேல் செங்குத்தாக நிற்கும்போது வயிற்றின் வளைவுக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் சப்போர்ட்டே தேவைப்படாது. ஒரு வெட்டை முடிவு செய்யும்போதே அந்தத் துண்டு பெட்டில் எந்தப் பக்கமாக உட்காரும் என்று சேர்த்து யோசியுங்கள். உட்கார வழியில்லை என்றால் அது சரியான வெட்டு இல்லை.

ஸ்லைசரில் மாடலைத் தேர்ந்தெடுத்து `C` விசையைத் தட்டினால் வெட்டும் கருவி வரும். பாம்பு ஸ்டுடியோ, புரூசா ஸ்லைசர் இரண்டிலும் இதே விசைதான். முதலில் கிடைமட்டமாக 130-இல் வெட்டுகிறோம். கீழே நான்கு கால்களும் ஒரே பொருளாக நிற்கும், அவற்றைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்துக்கொள்ளலாம். நான்கையும் ஒரே தளத்தால் வெட்டுவது முக்கியம். ஒவ்வொரு காலையும் தனியாக வெட்டினால் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் குதிரை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் தளத்தைச் செங்குத்தாகத் திருப்பிச் சேணத்தின் ஓரத்தில் ஒரு வெட்டு. கழுத்துக்கு மட்டும் தளத்தைச் சுழற்றும் வளையத்தைப் பிடித்துச் சாய்த்து, மாலையின் சாய்வோடு ஒத்துப்போகும்படி வைக்க வேண்டும். ஆக, மொத்தம் ஏழு துண்டுகள்.

முளை: எது, எங்கே, எத்தனை

வெட்டும் கருவியிலேயே `Add connectors` என்று இருக்கும். அதில் `Plug` என்பது ஒரு பக்கம் முளை, மறுபக்கம் துளை. `Dowel` என்பது இரு பக்கமும் துளை, நடுவே தனிக் குச்சி. `Snap` என்பது கடித்துப் பிடிக்கும் கொக்கி. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் `Plug` பக்கம் போவார்கள், உதிரிச் சாமான் இல்லை என்பதால் வசதியாகத் தோன்றும். ஆனால் முளை துருத்திக்கொண்டிருக்கும் முகத்தைப் பெட்டில் வைக்க முடியாது. வெட்டு முகத்தால் கிடைத்த தட்டையான அடித்தளம் அங்கேயே வீணாகிவிடும். தவிர, முகத்தை மேலே வைத்துப் பிரின்ட் செய்தால் அந்த மெல்லிய முளை, வட்டவட்டமாக அடுக்கிய லேயர்களால் ஆனதாக நிற்கும். பக்கவாட்டில் சின்னதாக ஓர் இடி பட்டால் போதும், லேயர் கோட்டிலேயே சுத்தமாக ஒடிந்துவிடும். அதனால் என் தேர்வு எப்போதும் `Dowel`.

குச்சியைப் பிரின்ட் செய்வதாக இருந்தால் படுக்க வைத்துப் பிரின்ட் செய்யுங்கள். அப்போது லேயர்கள் நீளவாக்கில் ஓடும், ஒடியாது. நம் குதிரைக்கு அதுகூட வேண்டாம். அறைகலன் பொருத்தப் பயன்படும் மர டோவல், 8 மி.மீ. தடிமன், 30 மி.மீ. நீளம், எஸ்.பி. ரோடு பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் வரிவரியாகப் பள்ளம் இருப்பதால் பசை வழிந்து நிற்க இடம் கிடைக்கும், பிளாஸ்டிக் குச்சியைவிட விறைப்பாகவும் இருக்கும். துளை ஒவ்வொரு பக்கமும் 16 மி.மீ. ஆழம். 16-உம் 16-உம் 32, குச்சி 30. அந்த 2 மி.மீ. மிச்சம் பசைக்கும் உள்ளே சேரும் தூசிக்கும். ஆழம் சரிக்குச் சரியாக இருந்தால் குச்சி அடியில் முட்டி, முகங்கள் மூடாமல் நின்றுவிடும்.

ஒரு முகத்துக்கு எத்தனை? இரண்டு. ஒன்றே ஒன்று வட்டமாக இருந்தால் துண்டு அதைச் சுற்றித் திரும்பும். மூன்று வைத்தால் மூன்றும் ஒரே நேரத்தில் சரியாக விழ வேண்டும், வீட்டு பிரின்டரின் துல்லியத்தில் ஏதாவது ஒன்று மற்ற இரண்டோடு சண்டை போடும். இரண்டையும் முடிந்த அளவு தள்ளித்தள்ளி வையுங்கள், ஆனால் விளிம்பிலிருந்து துளையின் சுவர் வரை குறைந்தது 4 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். 50 மி.மீ. விட்டமுள்ள கால் முகத்தில் இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே 26 மி.மீ. விட்டால் போதும். உடலின் நடு முகத்தில் ஒன்று மேலே, இன்னொன்று கீழே சற்று ஒருபக்கமாக. வேண்டுமென்றே நடுவிலிருந்து விலக்கி வைத்தால் தப்பான பக்கம் திருப்பிப் பொருத்தவே முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். உடலின் முன்பகுதிக்குள் நான்கு திசையிலிருந்து துளைகள் வருகின்றன: கழுத்திலிருந்து, நடு வெட்டிலிருந்து, இரண்டு கால்களிலிருந்து. உள்ளே அவை ஒன்றோடொன்று முட்டக் கூடாது. ஸ்லைஸ் செய்தபின் லேயர் பட்டையை மெல்ல இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் முழுச் சுவர் வளையம் இருக்க வேண்டும். சுவர் எண்ணிக்கை 3 அல்லது 4, உள்ளே நிரப்பும் இன்ஃபில் 12 முதல் 15 சதவீதம் போதும். துளையைச் சுற்றி ஸ்லைசர் தானாகவே சுவர் எழுப்பும், அதனால் இன்ஃபிலைக் கூட்டிப் பயனில்லை.

தளர்வைச் சோதிப்பது

8 மி.மீ. துளை என்று போட்டால் பிரின்டரிலிருந்து வருவது 8 ஆக இருக்காது. பிளாஸ்டிக் வளைவில் உள்பக்கமாக இழுக்கப்படுவதால் துளை எப்போதும் கொஞ்சம் சிறுத்தே வரும். எவ்வளவு சிறுக்கும் என்பது உங்கள் இயந்திரத்தையும் ஃபிலமென்ட்டையும் பொறுத்தது. டோவல் பக்கத்திலும் நம்பிக்கை வைக்க முடியாது. கவரில் 8 என்று இருக்கும், வெர்னியரில் வைத்தால் 7.9-உம் வரும், 8.1-உம் வரும். பெங்களூரில் நவராத்திரி சமயம் மழை விட்டும் விடாமலும் இருக்கும், மரம் ஈரத்தில் இன்னும் கொஞ்சம் உப்பும்.

ஆகவே குதிரையைத் தொடும் முன் ஒரு சின்னக் கட்டை. 60 நீளம், 20 அகலம், 20 உயரம் உள்ள ஒரு பெட்டி வடிவத்தை ஸ்லைசரிலேயே உருவாக்கி, 8.1, 8.2, 8.3, 8.4 என்று நான்கு துளைகள் போடுங்கள். கட்டையை இரண்டு எடுக்க வேண்டும், ஒன்று துளை மேலே பார்க்கும்படி, இன்னொன்று துளை பக்கவாட்டில் பார்க்கும்படி. காரணம் இருக்கிறது. கால்களை வெட்டு முகம் பெட்டில் படும்படி நிறுத்துகிறோம், அதனால் காலின் துளைகள் செங்குத்தாக எழும். உடல் பாதிகள் நடு வெட்டின் மேல் நிற்கின்றன, அப்போது வயிற்றில் இருக்கும் கால் துளைகள் பக்கவாட்டில் படுத்திருக்கும். படுத்திருக்கும் துளையின் கூரை அந்தரத்தில் இழுக்கப்படுவதால் லேசாகத் தொய்ந்துவிடும். ஒரே எண் இரண்டுக்கும் ஒத்துவராது.

குச்சி கைவிரல் அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும், கட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. சுத்தியலைத் தேட வைத்தால் அந்த எண் டைட். காற்றில் கழன்று விழுந்தால் லூஸ். பொதுவாகச் செங்குத்துத் துளைக்கு 8.2 அல்லது 8.3, படுத்த துளைக்கு 8.4 என்ற வாக்கில் வரும். படுத்த துளையில் தொய்வு அதிகம் என்றால் 8 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் பிடித்துத் திருகி உள்ளே விட்டு எடுங்கள். இயந்திரத்தில் மாட்டாதீர்கள், வேகத்தில் பிளாஸ்டிக் உருகி பிட்டோடு ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு கட்டைகளையும் அதே ஃபிலமென்ட் சுருளிலிருந்து எடுக்க வேண்டும். பளபளக்கும் சில்க் வகை வேறு மாதிரி உப்பும், ஈரம் ஏறிய சுருளில் துளைக்குள் நூல் நூலாக நிற்கும்.

பிரின்ட் எடுக்கும்போது

ஏழு துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் ஒரு துண்டோடு நஷ்டம் நிற்கும், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் இது சின்ன ஆறுதல் இல்லை.

இங்கே தொல்லை தருவது முதல் லேயர். பெட்டில் நசுங்கும் முதல் லேயர் வெளியே கொஞ்சம் பிதுங்கும், யானைக்கால் என்று சொல்வோமே அது. சாதாரணப் பொருளில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் நாம் பெட்டில் வைத்திருப்பது வெட்டு முகத்தை. அங்கே வெளிப்பக்கம் பிதுங்கினால் இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது இணைப்பில் மேடாக ஒரு வரி ஓடும். துளையின் வாய்ப்பக்கம் பிதுங்கினால் குச்சி நுழையாது, உள்ளே தாராளமாக இருந்தும் வாசலில் அடைபடும். ஸ்லைசரில் `Elephant foot compensation` என்ற இடத்தில் 0.15 போட்டுப் பாருங்கள். மீதமுள்ளதைக் கத்தியால் சீவிவிடலாம். துளை வாயைப் பெரிய டிரில் பிட்டின் நுனியால் ஒரு சுற்றுச் சுற்றினால் சரிவாகிவிடும்.

பெரிய தட்டை முகங்களுக்கு இன்னொரு நோய், ஓரம் தூக்குவது. உடல் பாதியின் முகம் 120-க்கு 110. மூலை அரை மில்லிமீட்டர் தூக்கினாலும் முகம் குவிந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. துண்டைச் சமையலறை கிரானைட் மேடையில் வைத்து ஓரத்தை விரலால் அழுத்துங்கள், கடக் கடக் என்று ஆடினால் தூக்கியிருக்கிறது. கொஞ்சமாக ஆடினால் 120 நம்பர் உப்புத்தாளை மேடையில் விரித்து, துண்டை எட்டு வடிவில் தேய்த்தால் சரியாகும். அதிகம் என்றால் பெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டைச் சுற்றி மெல்லிய ஓரமாகப் பிரிம் வைத்து, அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடியும் எடுப்பதே மேல்.

துண்டு பெட்டைவிட்டு வந்தவுடன் வெட்டு முகத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்: மு-இ, மு-வ, பி-இ, பி-வ. நான்கு கால்களும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், மேசையில் கலந்துவிட்டால் எது எங்கே என்று தேடுவதற்கே ஒரு பொழுது போகும்.

பசை இல்லாமல் ஒரு முறை, பசையோடு ஒரு முறை

முதலில் ஏழையும் குச்சி வைத்துப் பசையின்றிப் பூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் வாய் பிளந்தால், குச்சி அடியில் முட்டுகிறது அல்லது துளைக்குள் பிளாஸ்டிக் துணுக்கு கிடக்கிறது. சுற்றிலும் சமமாக இடைவெளி இருந்தால் முகம் குவிந்திருக்கிறது. ஒரு பக்கம் படி போல ஏறி எதிர்ப்பக்கம் இறங்கினால் துளைகள் நகர்ந்திருக்கின்றன. இதற்குக் குச்சியை மெல்லியதாகத் தேய்த்துக்கொண்டு, விளிம்பை விரலால் தடவிப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அப்போது குச்சி வெறும் துணைதான், கையே அளவுகோல். துளையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் அழுத்தியதில் லேயர் பிரிய ஆரம்பித்துவிட்டது. உடனே நிறுத்தி, குச்சியைத் தேயுங்கள்.

பசைக்கு ஃபெவிக்விக் வகையைப் பலர் எடுப்பார்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக்கை அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் சில வினாடிகளில் இறுகிவிடுவதால் 30 மி.மீ. குச்சி பாதி வழியில் நின்றுவிடும் அபாயம் உண்டு. இந்த அளவு பொருளுக்கு இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி நல்லது. சேர்த்தபின் நகர்த்திச் சரிசெய்ய சில நிமிடங்கள் கிடைக்கும், சின்ன இடைவெளியையும் நிரப்பும். அசிட்டோன் தடவினால் ஒட்டும் என்று சொல்வது ஏபிஎஸ்ஸுக்குப் பொருந்தும், பிஎல்ஏவுக்கு இல்லை.

உடலின் இரண்டு பாதிகளை முதலில் ஒட்டுங்கள். குச்சியைப் பசையோடு ஒரு பாதியில் இறக்கி, அது நிலைத்தபின் மறுபாதி. முகத்தில் பசையை நடுவில் மட்டும் பூசி, விளிம்பில் 5 மி.மீ. விட்டுவிட்டால் வெளியே வழியாது. நீளமான ரப்பர் பேண்டுகள் அல்லது பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டி இறுகச் சுற்றி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் ஒட்டி, பசை ஈரமாக இருக்கும்போதே குதிரையைக் கிரானைட் மேல் நிறுத்தி, முதுகில் ஒரு கிலோ அரிசிப் பையை வைத்துவிட்டால் நான்கு குளம்புகளும் தாமே தரையைத் தேடிக்கொள்ளும். துளையில் நாம் விட்ட தளர்வு இங்கேதான் உதவுகிறது.

கோட்டை மறைப்பது

எம்-சீல் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இரண்டு கட்டிகளையும் ஒரே நிறமாகும் வரை பிசைந்து, நூல் போல உருட்டி, இணைப்பில் அழுத்தி, ஈர விரலால் இழுங்கள். சுடுமண் குதிரை என்பதால் வழவழப்பாக வேண்டியதில்லை, ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் மண்ணின் சொரசொரப்பு வரும், கீழே இருக்கும் லேயர் கோடுகளோடும் கலந்துவிடும். நன்றாக இறுகியபின் 220 நம்பர் தாள், அப்புறம் ஸ்ப்ரே பிரைமர். பிரைமர் அடித்ததும் இதுவரை கண்ணில் படாத பள்ளமெல்லாம் தெரியும். அதில் மறுபடி ஒரு பூச்சு எம்-சீல், மறுபடி பிரைமர், பிறகு பளபளப்பில்லாத காவி வண்ணம். பளபளப்பு வண்ணம் ஒவ்வொரு கோட்டையும் காட்டிக்கொடுக்கும்.

கழுத்தை மட்டும் ஒட்ட வேண்டாம் என்பது என் யோசனை. விஜயதசமி முடிந்ததும் குதிரை பரணுக்குத்தானே போகப்போகிறது. தலை கழன்றால் உயரம் 240-க்குள் அடங்கும், பொம்மைப் பெட்டியில் படுக்க வைக்கலாம், காதுகளும் ஒடியாது. அதற்குக் கழுத்தின் இரண்டு குச்சிகளையும் உடல் பக்கத்தில் மட்டும் பசையோடு நிறுத்திவிட்டு, தலைப் பக்கத்துத் துளையைச் சற்று டைட்டான எண்ணில் போட வேண்டும். மாலையின் விளிம்பு கோட்டை மறைப்பதால் அங்கே எம்-சீல் தேவையில்லை. காலப்போக்கில் லூஸானால் குச்சியின் மேல் ஒரு சுற்று மெல்லிய டேப் போதும்.